எந்தச் சான்றிதழ் ரெஸ்யூமேயில் இருக்கலாம், எது வேண்டாம்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கத்துப் பிள்ளைகளில் நிறைய பேர் படிப்பு முடித்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கைத்தான். அங்கே ஒரு சிறு நிறுவனத்தில் புதியவர்களின் ரெஸ்யூமேக்களை முதலில் படிக்கும் வேலை எனக்கு. ஆன்லைன் சான்றிதழ்களின் வரிசைதான் அவற்றில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைக்கிறது.

சமீபத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவள், தன் ரெஸ்யூமேயை அனுப்பிப் பார்க்கச் சொன்னாள். விண்ணப்பிப்பது ரிப்போர்ட் தயாரிக்கும் டிரெய்னி வேலைக்கு. எஸ்.க்யூ.எல்., எக்செல் இரண்டும் தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அவள் ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கம் முழுக்கச் சான்றிதழ்கள். "எதை எடுக்கணும்னே தெரியலண்ணே, எல்லாமே நான் படிச்சதுதான்" என்றாள். அவள் படித்தாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவளைத் தெரியாத ஒருவருக்கு அந்தக் காகிதம் எதை நிரூபிக்கிறது என்பதுதான் கேள்வி.

என்.பி.டி.இ.எல்.லையும் யுடெமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே புரியும். அவளிடம் இரண்டுமே இருந்தன.

என்.பி.டி.இ.எல். படிப்பைப் பெரும்பாலும் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்துகிறார்கள். பாடம் பார்க்கப் பணம் வேண்டாம். ஆனால் சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டி, ஒரு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு: அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30. மொத்தம் 60 எட்டினால் எலைட், 75 என்றால் அதோடு சில்வர், 90 என்றால் கோல்டு. அவள் டேட்டாபேஸ் பாடத்தில் அசைன்மென்ட்டுக்கு 22, தேர்வுக்கு 48.75 வாங்கி, மொத்தம் 71 என்று எலைட் வாங்கியிருந்தாள்.

எனக்கு மொத்த மதிப்பெண்ணைவிட அந்த இரண்டு எண்களும் தனித்தனியாக அச்சாகியிருப்பதுதான் முக்கியம். அசைன்மென்ட்டை வீட்டில் உட்கார்ந்து, நாலு பேரிடம் கேட்டுக்கூடப் போடலாம், தேர்வு அப்படியில்லை. 25க்கு 25 வாங்கிவிட்டுத் தேர்வில் 31 வாங்கியிருந்தால் அங்கேயே கதை தெரிந்துவிடும். இவளுடைய 48.75 தனியாக உட்கார்ந்து எழுதி வாங்கியது. சான்றிதழ்களில் அது முதல் வரியில் வர வேண்டும், மதிப்பெண்ணோடு.

யுடெமி பைத்தான் சான்றிதழ் வேறு வகை. ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்தால் சான்றிதழ் தயார். வீடியோவைப் பார்க்காமலே கையால் டிக் போடவும் முடியும். சான்றிதழில் அச்சாகும் மணிக்கணக்கும் அந்தப் படிப்பின் நீளம்தானே தவிர, இவள் செலவழித்த நேரம் இல்லை. பாடம் மோசம் என்று நான் சொல்லவில்லை. என்.பி.டி.இ.எல்.லைவிடக் கைவேலைக்கு உதவும் பாடங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் சான்று என்ற அளவில் அது எதையும் சோதிக்கவில்லை. அதனால் சான்றிதழை எடுத்துவிட்டு, அதில் கற்றுக்கொண்டு அவள் செய்ததைப் போடச் சொன்னேன். தன் அப்பாவின் ரப்பர் ஷீட் விற்பனைக் கணக்கை பைத்தானில் மாதவாரியாகப் பிரித்திருந்தாள். அந்த புரோகிராம் கிட்ஹப்பில் இருந்தது. அதை ஏன் ரெஸ்யூமேயில் எழுதவில்லை என்று கேட்டால், "அது சும்மா வீட்டுக்காகச் செஞ்சதுண்ணே" என்கிறாள். நான் நேர்காணலில் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.

கோர்செரா இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மதிப்பெண் போடும் க்விஸ் உண்டு, தேறினால்தான் சான்றிதழ். ஆனால் பெரும்பாலும் திரும்பத் திரும்ப எழுதலாம், பக்கத்தில் யாரும் கண்காணிப்பதில்லை. வேலைக்கு நேரடியாகப் பொருந்தினால் ஒன்றை வைக்கலாம். அவளிடம் எக்செல் படிப்பு இருந்தது, வைத்துக்கொண்டோம். ஹேக்கர்ரேங்கின் எஸ்.க்யூ.எல். சான்றும் அப்படித்தான். நேரம் வைத்து குவெரி எழுதச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் கண்காணிப்பு. இருந்தாலும் வேலை கேட்கும் அதே திறமை என்பதால் அதுவும் தங்கியது.

அடுத்தது ஃபோரேஜ். பெரிய நிறுவனங்களின் பெயரில் வரும் ஜாப் சிமுலேஷன் அது. நிஜ வேலை போன்ற சில பணிகளைத் தருவார்கள், செய்து ஏற்றினால் மாதிரி விடையைக் காட்டுவார்கள். அந்த நிறுவனத்து ஆள் யாரும் உங்கள் வேலையைப் படிப்பதில்லை. பயிற்சியாக நல்லதுதான். அவள் இதை அனுபவம் என்ற தலைப்பின் கீழ், நிறுவனத்தின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, இன்டர்ன்ஷிப் என்று எழுதியிருந்தாள். சீனியர்கள் அப்படித்தான் போடுகிறார்களாம். இதில் மட்டும் நான் கறாராக இருந்தேன். வெப்பினார் சான்றிதழ் இருந்தால் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். ஆனால் செய்யாத இன்டர்ன்ஷிப் கண்ணில் பட்டால் அதற்குக் கீழே உள்ள உண்மையான வரிகளையும் நம்பமாட்டார். எடுத்துவிடு, அல்லது சிமுலேஷன் என்றே எழுதிப் படிப்புகளின் கீழ் வை என்றேன். எடுத்துவிட்டாள்.

நான் முதல்வன் சான்றிதழில் எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொன்னாலே புரியும். திருவனந்தபுரத்தில் ரெஸ்யூமே படிக்கும் மலையாளிக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அங்குள்ளவர்களுக்குப் பழகிய பெயர் கேரள அரசின் திறன் பயிற்சி அமைப்பான அசாப். அதனால் திட்டத்தின் பெயரைப் பின்னால் தள்ளி, என்ன பாடம், யார் பயிற்சி தந்தார்கள், என்ன மதிப்பீடு இருந்தது என்று முன்னால் எழுத வேண்டும். அவள் படித்தது இந்த வேலைக்குத் தொடர்பில்லாத பாடம் என்பதால் இந்த முறை விட்டுவிட்டோம். வெப்பினார் பங்கேற்பு, ஒருநாள் வொர்க்‌ஷாப், க்விஸ் போட்டி எல்லாம் பேச்சே இல்லாமல் போயின.

கடைசியாக அவளே கேட்டாள்: "ஏ.டபிள்யூ.எஸ். எழுதட்டுமாண்ணே?" அமேசானின் அந்த கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு கண்காணிப்போடு நடப்பது, நம்பகமானது. ஆனால் கட்டணம் 100 டாலர், சான்று 3 வருடம்தான் செல்லும். கிளவுட் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பித்தால் அந்த வரியை முதலில் வைக்கலாம். ரிப்போர்ட் வேலைக்கு அது வேண்டியதில்லை. அந்தப் பணத்தை இப்போது செலவழிக்காதே என்றேன்.

ஆக, டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல்., எக்செல் என்று மூன்று வரி. அதற்கு மேலே ரப்பர் கணக்கு புராஜெக்ட். ரெஸ்யூமே ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. எடுத்தவற்றில் ஃபோரேஜ் தவிர மற்றவை லிங்க்ட்இன்னில் இருக்கட்டும், அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. சான்றிதழ் வரி ஒவ்வொன்றிலும் சரிபார்க்கும் இணைப்பைச் சேர்த்தோம். அனுப்பும் முன் அவற்றை லாகின் செய்யாத பிரவுசரில் திறந்து பார்க்கச் சொன்னேன். ஹேக்கர்ரேங்க் இணைப்பு திறக்கவில்லை. அவள் தன் கணக்கின் டாஷ்போர்டு முகவரியைக் காப்பி செய்திருந்தாள். சான்றிதழின் பொது இணைப்பை எடுத்து மாற்றிவிட்டு அனுப்பினாள்.