‘ஏ’யா, ‘அன்’னா, ‘த’வா: எந்தச் சோதனை கைகொடுக்கும்?

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஏ’, ‘அன்’, ‘த’ மூன்றில் எது வரும் என்பதை நாம் ஒரே கேள்வியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ‘ஏ’யும் ‘அன்’னும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள், எதைப் போடுவது என்பது ஓசை விஷயம். ‘ஏ’யா ‘த’வா என்பது பொருள் விஷயம். ஓசையைக் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடலாம். ஆங்கிலம் நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுவது பொருளில்தான்.

நிலாவெளியில் சுற்றுலாப் படகு ஓட்டும் ஒரு தம்பி, மறுநாள் புறாத்தீவுக்குப் போகப் பதிவு செய்த வெள்ளைக்காரருக்கு இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “போட் லீவ்ஸ் அற் சிக்ஸ். கைட் வில் மீற் யூ அற் கேற். ப்ரிங் ஹற். யூ மே சீ டேர்ட்டில்.” விஷயம் புரிந்துவிடும். ஆனால் ஐந்து பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இதை நிரப்ப நம்மவர்களிடம் நாலு வழிகள் புழங்குகின்றன.

முதலாவது, தமிழில் ‘ஒரு’ வந்தால் ‘ஏ’ போடு என்பது. எளிதுதான், ஆனால் இரண்டு பக்கமும் ஏமாற்றும். “அப்பா ஆசிரியர்” என்பதில் ‘ஒரு’ இல்லை, ஆங்கிலத்தில் “ஏ டீச்சர்” என்றே சொல்ல வேண்டும். “ஒரு தகவல்” என்று நாம் சொல்லலாம், ஆங்கிலத்தில் ‘இன்ஃபர்மேஷன்’ எண்ணக்கூடிய பொருள் அல்ல என்பதால் அதற்கு முன் ‘ஏ’யோ ‘அன்’னோ வரவே வராது. ‘அட்வைஸ்’, ‘லகேஜ்’ இரண்டும் அதே இனம்.

இரண்டாவது பள்ளிக்கூட விதி: முதல் தடவை சொன்னால் ‘ஏ’, அடுத்த தடவை ‘த’. கதை எழுத இது போதும். தம்பியின் செய்தியில் ‘கேற்’ முதல் தடவைதான் வருகிறது, ஆனாலும் “த கேற்” என்பதே சரி. விருந்தினர் தங்கியிருக்கும் விடுதிக்கு வாசல் ஒன்றுதான், அது அவருக்கும் தெரியும். மறுபக்கம், காலையில் ஓர் ஆமையைக் கண்டு பின்னேரம் வேறோர் ஆமையைக் கண்டால் இரண்டாம் தடவையும் “ஏ டேர்ட்டில்”தான். எத்தனையாவது தடவை என்று எண்ணுவது காரணம் அல்ல, பல நேரங்களில் காரணத்தோடு சேர்ந்து வரும் அடையாளம்.

மூன்றாவதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ இந்த வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது. “தொப்பி கொண்டு வாங்கோ” என்றால் ஏதோ ஒரு தொப்பி: “ஏ ஹற்”. “தொப்பியைக் கொண்டு வாங்கோ” என்றால் இருவருக்கும் தெரிந்த அந்தத் தொப்பி: “த ஹற்”. உயிரில்லாப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது இது அழகாக வேலை செய்யும். அதற்கு வெளியே கைவிட்டுவிடும். “படகு வெளிக்கிடும்” என்பதில் படகு எழுவாய், உருபுக்கு இடமில்லை. “வாசலில் சந்திப்பார்” என்பதிலும் ‘ஐ’ இல்லை. ஆளைக் குறித்தால் தெரியாதவருக்கும் ‘ஐ’ வந்துவிடும்: “ஒரு டொக்டரைப் பார்த்தேன்”. ஆகவே இது துணைச் சோதனை, தலைமைச் சோதனை அல்ல.

நான்காவது ‘எந்த?’ என்ற கேள்வி. என் தீர்ப்பு இதன் பக்கம். பெயர்ச்சொல்லைச் சொன்னதும் கேட்பவர் எது என்று தானாகவே கண்டுகொள்வாரா? கண்டுகொள்வார் என்றால் ‘த’. அவருக்கு அது இன்னதென்று தெரிய வழியில்லை, அல்லது எதுவாக இருந்தாலும் சரி என்றால் ‘ஏ’. இங்கே கணக்கில் வருவது கேட்பவர் அறிவு, பேசுபவர் அறிவு அல்ல. எந்த டொக்டரைப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக “த டொக்டர்” என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் “எந்த டொக்டர்?” என்றுதான் விழிப்பார். நம்மவர்கள் தேவையில்லாமல் ‘த’ போடும் இடங்களில் பல இந்தக் குழப்பத்தால் வருபவை.

இப்போது தம்பியின் செய்தியை இதில் போட்டுப் பார்ப்போம். படகு அவர் பதிவு செய்தது, எந்தப் படகு என்று கேட்கமாட்டார்: “த போட்”. கைட்டை அவர் கண்டதில்லை, அப்படி ஒருவர் வருவார் என்பதே புதுச் செய்தி: “ஏ கைட்”. முதல் நாளே இருவரையும் அறிமுகம் செய்திருந்தால் அதே வாக்கியத்தில் “த கைட்” வரும். இலக்கணம் மாறவில்லை, நிலைமைதான் மாறியது. வாசல் “த கேற்”. தொப்பி எதுவானாலும் சரி: “ஏ ஹற்”. ஆமை “ஏ டேர்ட்டில்”, பன்மையில் சொன்னால் முன்னால் ஒன்றும் வேண்டாம், வெறும் “டேர்ட்டில்ஸ்”.

படகை ஒருமுறை சொல்லிவிட்டால் அதன் உறுப்புகளும் கூடவே தெரிந்தவையாகிவிடும். ஒற்றை எஞ்சின் படகென்றால் முதல் தடவையே “தி எஞ்சின்” என்கிறோம், உயிரோசைக்கு முன் ‘த’ இப்படித் ‘தி’ என்று ஒலிக்கும். லைஃப் ஜக்கெட் பல இருக்கின்றன, அவற்றில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதால் “ஏ லைஃப் ஜக்கெட்”. இன்னொரு பொறி: பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் விளக்கம் வந்தால் ‘த’ என்று சிலர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். “நீங்கள் பதிவு செய்த படகு” ஒன்றுதான், அதற்குத் ‘த’ சரி. “கூரை உள்ள படகு வேண்டும்” என்றால் கூரை உள்ளவை எத்தனையோ, அங்கே ‘ஏ’தான்.

‘ஏ’ என்று முடிவானபின் ஓசைக் கணக்கு. அடுத்து வரும் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிர் என்றால் ‘அன்’, உயிர்மெய்யோ மெய்யோ என்றால் ‘ஏ’. அம்பிரெல்லாவுக்கு ‘அன்’, யுனிவர்சிட்டிக்கு ‘ஏ’, மணித்தியாலத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லுக்கு ‘அன்’, எம்.பி.க்கு ‘அன்’. ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் தவறும் இடங்களில் நம் எழுத்து தவறாமல் நிற்கிறது. அடுத்து வருவது பெயர்ச்சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை: “ஏ போட்”, ஆனால் “அன் ஓல்ட் போட்”. இந்தச் சோதனை சறுக்கும் சொற்களும் உண்டு. வருஷத்தைக் குறிக்கும் சொல்லை ‘இயர்’ என்றும், கம்பளியை ‘ஊல்’ என்றும் எழுதுகிறோம். ஆங்கில வாயில் அவை யகரத்தோடும் வகரத்தோடும் தொடங்குகின்றன. அதனால் “ஏ இயர்”தான் சரி, “அன் இயர்” என்றால் ‘ஒரு காது’ என்று கேட்கும்.

இடப்பெயர்களில் ‘எந்த?’ சோதனை பயன்படாது. அவை எல்லாமே தெரிந்தவைதான், ஆனாலும் சிலவற்றுக்குத் ‘த’ உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இங்கே வழக்கம்தான் சட்டம். வங்காள விரிகுடா “த பே ஒஃப் பெங்கோல்”. கொட்டியாரக் குடா வெறும் “கொட்டியார் பே”, சீனன்குடா வெறும் “சைனா பே”. ‘ஒஃப்’ நடுவில் வந்தால் பெரும்பாலும் ‘த’ ஒட்டிக்கொள்ளும், பெயர் முன்னாலே வந்தால் விரிகுடாக்களுக்கு அது வேண்டாம். தனித்தீவுக்கும் வேண்டாம்: “பிஜன் ஐலண்ட்”. 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதைச் சொல்லும்போது, நாட்டில் உள்ள பல பூங்காக்களில் ஒன்று என்பதால் “ஏ நஷனல் பார்க்”. ஆறுக்கும் சமுத்திரத்துக்கும் ‘த’ கட்டாயம். மகாவலி கடலில் கலக்கும் இடத்தைச் சொல்ல “த மஹாவலி மீற்ஸ் த சீ அற் கொட்டியார் பே” என்று எழுதினால் போதும், குடாவுக்கு முன் எதையும் நுழைக்க வேண்டாம்.