டெனிம மாத்திப் போடுறதில ஒன்றரை வருச அனுபவம்: தையல், வெளிறல், ரிவெட்

வெள்ளவத்தையில ஒரு உடுப்புக் கடைக்குப் படம் செய்து குடுக்கிறன். தம்பிய ஒருக்கா நிக்க வச்சுப் படம் எடுத்திட்டு, படத்தில குறிச்ச துண்ட மட்டும் ஏஐ மாடலால புதுசாக் கீறுற இன்பெயின்டிங்கில அவன்ட காற்சட்டைய மாத்தி, கடைக்கு வாற ஒவ்வொரு ஜீன்ஸும் அவன் போட்டிருக்கிற மாதிரிக் காட்டுறதுதான் வேலை. டீசேட், லினன் சேட் எல்லாம் முதல் தரத்திலயே சரியா வந்திடும், ஆனா டெனிம் எண்டா லேசில வராது. கடை அண்ணா முதல் படத்தப் பாத்திட்டு, "இது ஜீன்ஸ் இல்ல தம்பி, நீலப் பெயின்ட் அடிச்ச கால்சட்டை" எண்டார், அவர் இருபது வருசமா ஜீன்ஸ் தொட்டு விக்கிற மனிசன், சொன்னது சரிதான்.

தையல் ஏன் வரேல்ல எண்டு விளங்க எனக்கு ரெண்டு மாசம் போச்சு. மாடல் பாவம், அதுக்குத் தெரியாமல் இல்ல, இடம்தான் இல்ல. முழு ஆளும் 1024 பிக்சல் படத்துக்குள்ள நிண்டா ஒரு சென்டிமீட்டருக்கு அஞ்சு பிக்சல் அளவுதான் கிடைக்கும், ஜீன்ஸில ஒரு தையல் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர், அப்ப ஒண்டரைப் பிக்சல். நான் பாவிக்கிற மாடல் 8க்கு 8 பிக்சல ஒரு கட்டமாச் சுருக்கித்தான் வேலை செய்யுது, அதுக்குள்ள தனித்தனித் தையல் எப்பிடி நிக்கும்? மஞ்சள் கோடு ஒண்டுதான் வரும், இல்லாட்டி நெளிஞ்ச புழு மாதிரி ஏதாவது.

அதால இப்ப ரெண்டு தரம் செய்யிறன். முதல் தரம் முழுக் காற்சட்டையும், நிறமும் மடிப்பும் வந்தாக் காணும். பிறகு கமராவில எடுத்த பெரிய அளவுக்கு அதக் கூட்டிப்போட்டு, பொக்கட் ஓரத்தில ஒரு இருபது சென்டிமீட்டர் துண்டுக்கு மட்டும் மாஸ்க் போட்டு `Only masked` குடுத்து, பழைய படத்த எவ்வளவு மாத்தலாம் எண்டு சொல்லுற `Denoising strength` 0.35 - 0.4 கிட்ட வச்சு ஓட்டுவன். அந்தத் துண்டு 1024க்குப் பெருக்கிறதால ஒரு தையல் 15 பிக்சலா வந்திடும். 0.5 தாண்டினா பொக்கட்டே வேற இடத்துக்குப் போயிடும், கவனம். பிராம்ப்ட்டும் அந்தத் துண்டுக்கு மட்டும்தான் எழுதோணும், முழு ஆளையும் எழுதினா பொக்கட்டுக்குள்ள இன்னொரு குட்டி ஆள் முளைக்கும்:

```
close-up, mid-blue denim front pocket, tobacco topstitching, copper rivets
```

வெளிறல் அத விட நுணுக்கமான விசயம். இண்டிகோ நூலின்ட வெளிப்பக்கத்திலதான் பிடிக்கும், நடுவு வெள்ளையாவே இருக்கும், அதால உரஞ்சுற இடத்திலதான் வெள்ளை தெரியும். தொடைக்கு மேல, இடுப்பு மடிப்பின்ட மேட்டில, தையல் தடிப்பா எழும்பிற ஓரத்தில. மாடல் அடிக்கடி இத மாத்திப் போடும், மடிப்பின்ட பள்ளத்துக்குள்ள வெளிர்க் கோடு வரும். பாத்த உடனே "ஏதோ சரியில்ல" எண்டு தோணும், ஆனா என்னண்டு சொல்ல வராது. படத்தக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாத்தாத் தெரியும், பள்ளம் இருண்டும் மேடு வெளிறியும் இருக்கோணும். ரெண்டு கால்லயும் ஒரே கோடு கண்ணாடியில பாத்த மாதிரி வந்தாலும் தூக்கி எறிஞ்சிட்டுத் திருப்பி ஓட்டுங்கோ, அப்பிடி ஒருத்தரும் நடக்கிறேல்ல.

கடும் நீலம், ஐஸ் புளூ எண்டு வொஷ் வித்தியாசத்துக்கு ஒவ்வொண்டையும் புதுசா ஓட்டினா ஒரே ஜீன்ஸ் நாலு ஜீன்ஸ் மாதிரி இருக்கும். நான் நடு நீலம் ஒண்ட மட்டும் ஒழுங்காச் செய்திட்டு, துணிய மட்டும் மாஸ்க் பண்ணி கர்வ்ஸில வெளிற வைப்பன், இருட்டாக்குவன். நூலையும் ரிவெட்டையும் மாஸ்க்குக்கு வெளிய விடோணும், ஏனெண்டா பொலியெஸ்டர் நூல் துணி மாதிரி வெளிறாது, ஐஸ் புளூ ஜீன்ஸிலயும் மஞ்சள் நூல் எடுப்பாத்தான் நிக்கும். கடும் நீலத்துக்கு இருட்டாக்கினா மட்டும் காணாது, தொடை வெளிறலையும் சேத்து அமத்தோணும், புதுத் துணியில எங்கால வெளிறல்.

ஒரு தரம் நல்லா மாட்டுப்பட்டன். போஸ்டர்ல ஆள் மற்றப் பக்கம் பாக்கோணும் எண்டு படத்தத் திருப்பிப் போட்டிட்டன், சின்னக் காசுப் பொக்கட் இடப்பக்கம் போச்சு, துணியின்ட சரிவுக் கோடும் மாறிச் சரிஞ்சிது. அண்ணா கண்டுபிடிச்சது காசுப் பொக்கட்டத்தான். இப்ப திருப்புறதெண்டா டெனிம் போட முதல்தான் திருப்புறன்.

ஜாக்கெட்டில இன்னும் முழுத் திருப்தி இல்ல. ட்ரக்கர் ஜாக்கெட்டில நெஞ்சுப் பொக்கட்டில இருந்து இடுப்புப் பட்டிக்கு வி மாதிரி இறங்கிற ரெண்டு தையலும் பாதி வழியில காணாமல் போயிடுது, ஜீன்ஸ் எண்ட நினைப்பில பொக்கட் மூலைக்கு ரிவெட்டும் அடிச்சு விடுது. அந்த வி கோட்ட நானே பேனாவால கீறிப்போட்டு மேல 0.35ல ஓட்டுறன், அப்ப நிக்குது. பட்டனும் ரிவெட்டும் மட்டும் கடையில இருக்கிற உண்மை உடுப்ப மேசையில விரிச்சு, தம்பிக்கு வெளிச்சம் விழுந்த அதே பக்கத்தில லாம்ப வச்சு எடுத்து வெட்டி ஒட்டுறன்.