மலையைப் பின்னுக்குத் தள்ளுவது எது? எதிர்நிறமா, குளிர்நிறமா?

கோபிக்கு வடக்கே ஒரு மஞ்சள் களம். வேகவைத்த மஞ்சள் குவியலாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு அப்பால் வாழைத் தோட்டம். அதற்கும் அப்பால் சத்தியமங்கலம் மலைத்தொடர். மாசி மாதத்துக் காலை பத்து மணிக்கு இந்தக் காட்சியைத் தாளில் கொண்டுவர முயலும் மாணவருக்கு இரண்டு வழிகள் தோன்றும். ஒன்று, மஞ்சளுக்கு நிறச்சக்கரத்தில் நேரெதிரே நிற்கும் ஊதாவை மலைக்குக் கொடுப்பது. மற்றொன்று, அருகில் வெம்மையான நிறத்தில் தொடங்கி, தொலைவு கூடக்கூடக் குளிர்ந்த நிறத்துக்கு நகர்வது. இரண்டுமே ஆழத்தைத் தரும் என்று பல வகுப்புகளில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

முதல் வழியைப் பார்ப்போம். எதிர்நிறங்கள் அருகருகே நிற்கும்போது ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. பாரிஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்ற புகாரை ஆராயப்போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அதை விரித்து அவர் எழுதிய நூல் 1839இல் வெளியானது. (சென்னிமலையில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை; பாவில் சிவப்பும் ஊடையில் பச்சையும் போட்டால் கிட்டத்தில் மின்னும் துணி, எட்ட நின்று பார்த்தால் மங்கிப்போவதை அவர்கள் கண்ணாலேயே அறிவார்கள்.)

இந்தத் தூண்டல்தான் நம் படத்தில் சிக்கலை உண்டாக்குகிறது. மலைக்கு அடர்ந்த ஊதாவைத் தீட்டினால், மஞ்சள் குவியல் பளீரென்று எழும் என்பது உண்மை. ஆனால் மஞ்சளின் அண்மையால் ஊதாவும் அதே அளவுக்குச் செறிவு கூடித் தெரியும். விளைவாக, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டிய மலை, களத்தின் ஓரத்தில் தொங்கவிட்ட திரைச்சீலையைப்போல் வந்து நிற்கும். எதிர்நிறம் பிரித்துக் காட்டுமே தவிர, தூரத்தைக் காட்டாது.

இரண்டாவது வழி காற்றின் இயல்பை ஒட்டியது. நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று, சூரிய ஒளியின் நீலப் பகுதியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்த ஒளி மலையின் இருண்ட பகுதிகள்மேல் படர்ந்து அவற்றை நீலமாகவும் வெளிறியதாகவும் மாற்றுகிறது. ஆகவே களத்து மண்ணுக்கு எல்லோ ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும், வாழைக்கு நீலம் சற்றே கூடிய பச்சையும், மலைக்கு வெள்ளையில் கரைத்த அல்ட்ராமெரைன் நீலமும் என்று வரிசை அமையும். ஆனால் நிறத்தைக் குளிரவைத்தால் மட்டும் போதாது. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். குப்பியிலிருந்து எடுத்த நீலத்தை அப்படியே மலைக்குப் பூசினால், அது குளிர்ந்த நிறமாக இருந்தும் முன்னே பாயும். தூரம் கூடும்போது செறிவு குறைய வேண்டும், இருளுக்கும் ஒளிக்கும் உள்ள இடைவெளியும் சுருங்க வேண்டும். போஸ்டர் கலரில் நான் கலப்பது இப்படி: வெள்ளை ஐந்து பங்கு, அல்ட்ராமெரைன் ஒரு பங்கு, அதில் தூரிகை நுனியளவு பர்ன்ட் சியன்னா. அந்தச் செம்பழுப்பு, நீலத்துக்கு ஏறக்குறைய எதிர்நிறம் என்பதால் அதன் செறிவைக் கரைத்துச் சாம்பல் கலந்த நீலமாக்கிவிடும்.

ஆக, தூரத்துக்கு இரண்டாவது வழியே சரி என்பது என் முடிவு. எதிர்நிறத்தைத் தட்டிலிருந்தே விலக்கிவிட வேண்டியதில்லை. அதன் இடம் மலை அல்ல, மஞ்சள் குவியலின் நிழல். நிழலைக் கறுப்பு சேர்த்து இருட்டினால் மஞ்சள் பாசிபிடித்த பச்சையாகிவிடும். மாறாக, தரையில் விழும் நிழலில் மங்கிய ஊதாவைக் கலந்தால் குவியல் தரையிலிருந்து எழுந்து உருண்டு தெரியும். பெரிய ஆழத்தைக் குளிர்நிறமும், கையெட்டும் திரட்சியை எதிர்நிறமும் பார்த்துக்கொள்ளும்.

படம் சரியாக வந்திருக்கிறதா என்பதைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மலையும் வாழைத்தோட்டமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் ஆழம் அமையவில்லை என்று பொருள். மலையில் இன்னும் வெள்ளை சேர்க்க வேண்டும்.

வெம்மை முன்வரும், குளிர்மை பின்செல்லும் என்பதைச் சட்டமாகக் கொள்ளவும் கூடாது. அதே களத்தில் மாலை ஆறு மணிக்கு நின்றால் மேற்கு வானம் செம்மஞ்சளாகத் தொலைவில் இருக்கும். காலடியில் நிழல் நீலமாக விழுந்திருக்கும். காலையில் எழுதிய வரிசையை அப்போது தலைகீழாக்கத்தான் வேண்டும். செறிவும் ஒளி இருளும்தான் அந்த வேளையில் தூரத்தைத் தாங்கிப் பிடிக்கும்.