சேம்பர் உடைந்த காருக்கு ‘எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது’ என்று கிளெய்ம் எழுதிவிட்டார்கள்

மழைக்காலத்தில் கார் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

வேளச்சேரி பக்கம் ஒரு மாலை நல்ல மழை. சாலையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர். அதற்கடியில் ஒரு பள்ளம் இருந்தது தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியதும் வண்டியின் அடிப்பாகம் பள்ளத்தின் விளிம்பில் ‘டங்’கென்று மோதியது. கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. உடனே ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டேன். கீழே குனிந்து டார்ச் அடித்தால் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் சேம்பர், விரிசல் விட்டிருந்தது. அலுமினியச் சேம்பர் என்பதால் நெளியாமல் வெடித்துவிட்டது. அங்கேயே போட்டோ எடுத்தேன். வண்டியை டோ டிரக்கில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன்.

தவறு நடந்தது அதற்கப்புறம்தான். சர்வீஸ் சென்டர் வாசலிலிருந்து பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக, அங்கிருந்த பையன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓட்டியிருக்கிறான். ஆயில் இல்லாத எஞ்சின் சில நிமிடம் ஓடினாலே பேரிங் தேய்ந்துவிடும். மறுநாள் எஞ்சினில் தட்டும் சத்தம். சர்வீஸ் அட்வைசர் எனக்காக நிரப்பிய கிளெய்ம் படிவத்தில், விபத்தின் காரணம் என்ற இடத்தில் ‘தண்ணீரில் ஓட்டியதால் எஞ்சின் பழுது’ என்று இருந்தது. மோதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “எப்பவும் இப்படித்தான் சார் எழுதுவோம்” என்றார்.

அந்த ஒரு வரிதான் என் கிளெய்மைக் கவிழ்த்தது. வழக்கமான முழுக் காப்பீட்டு பாலிசி, வெளியிலிருந்து ஏற்படும் மோதலுக்குப் பணம் தரும். இயந்திரக் கோளாறுக்கும், ஒரு சேதத்தைத் தொடர்ந்து வரும் பின்விளைவு நஷ்டத்துக்கும் தராது. எஞ்சினில் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், அதைப் பின்விளைவு என்று தள்ளுவார்கள். என்னிடம் ‘எஞ்சின் புரொடெக்ட்’ கூடுதல் காப்பீடும் இல்லை. படிவத்தைப் பார்த்த, சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் மொத்தமாக மறுத்துவிட்டார்.

நான் கேட்டது ஒன்றுதான்: என் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். தண்ணீர் புகுந்திருந்தால் ஃபில்டர் நனைந்து சேறு படிந்திருக்கும், ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருக்கும். ஃபில்டர் காய்ந்திருந்தது. சேம்பரில் மிச்சமிருந்த ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது. விரிசலின் உட்புறம் பளபளவென்று புதிதாக இருந்தது. பழைய விரிசல் என்றால் அழுக்கேறி மங்கியிருக்கும். உராய்வுக் கோடுகள் முன்னிருந்து பின்னாகப் போயிருந்தன. இதையெல்லாம் போட்டோவோடு மெயிலில் எழுதி மறு ஆய்வு கேட்டேன். நல்லவேளை, அதற்குள் அவர்கள் அடிப்பாகத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவவில்லை. கழுவியிருந்தால் புதிதா பழையதா என்ற வாதத்தில் என் பக்கம் பலவீனமாகியிருக்கும்.

இரண்டாவது சர்வேயில் சேம்பர், கேஸ்கெட், கீழ்க்கவசம் மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள், தேய்மானக் கழிவு போக. பேரிங்குக்கு மறுத்துவிட்டார்கள். பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால் அதனால் கூடும் சேதம் உரிமையாளர் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனையிலேயே இருக்கிறது. ஓட்டியது நானில்லை, சர்வீஸ் சென்டர். ஆனால் அந்த வித்தியாசம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொருட்டில்லை; அது எனக்கும் சர்வீஸ் சென்டருக்கும் இடையிலான தகராறாகிவிட்டது. டோ டிரக் ரசீதும், வாசலில் எடுத்த ஓடோமீட்டர் போட்டோவும் இருந்ததால் எழுத்தில் புகார் கொடுக்க முடிந்தது. இழுபறிக்குப் பிறகு லேபர் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். பேரிங் விலை என் கையிலிருந்துதான் போனது.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால், விளக்கு எரிந்த நிமிடமே எஞ்சினை அணையுங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது ‘சேம்பர் உடைந்துள்ளது, ஸ்டார்ட் செய்யக் கூடாது, தள்ளித்தான் நகர்த்த வேண்டும்’ என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். படிவத்தில் காரணத்தை நீங்களே எழுதுங்கள்: தண்ணீருக்கடியில் இருந்த பள்ளத்தில் மோதியது, சேம்பர் உடைந்து ஆயில் வெளியேறியது, உடனே நிறுத்தினேன். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றவோ கழுவவோ விடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வே ரிப்போர்ட்டின் நகலும் கேளுங்கள். கம்பெனியிடம் எழுத்தில் புகார் செய்து ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

எஞ்சின் புரொடெக்ட் எடுப்பதாக இருந்தால், அடிபட்டு ஆயில் கசிந்து வரும் எஞ்சின் சேதமும் அதில் சேருமா என்று வாசகத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் புகுவதை மட்டும் பார்த்து வாங்கினால், எனக்கு நடந்ததுபோன்ற நேரத்தில் மறுபடியும் வாதாட வேண்டியிருக்கும்.