கடலூரில் மொட்டைமாடி விளம்பரப் பலகைக்குக் காற்றுச் சுமைக் கணக்கு வாங்கி 38,000 ரூபாய் ஏமாந்தேன்

நேற்று மாலைதான் இது எனக்கு முழுமையாகப் புரிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். கணக்குத் தாளில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடலூரில் தேவனாம்பட்டினம் செல்லும் சாலையில் எங்களுக்குச் சொந்தமான இரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், 12 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட விளம்பரப் பலகையை நிறுத்த முடிவு செய்தோம். மாடித்தளம் தரையிலிருந்து 7.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளத்துக்கும் பலகையின் அடிவிளிம்புக்கும் 1.5 மீட்டர் இடைவெளி விட்டால், பலகையின் உச்சி 15 மீட்டரில் நிற்கும். உரிம மனுவுடன் இணைக்கக் காற்றுச் சுமைக் கணக்குக் குறிப்பும் வரைபடமும் தேவைப்பட்டன. பொறியாளர்களையும் வாடிக்கையாளர்களையும் இணைத்துவிடும் ஓர் இணையத்தளத்தின் வழியாக ஒருவரைப் பிடித்து, 38,000 ரூபாயை முழுவதுமாக முன்பணமாகக் கட்டினேன்.

முழுப் பணத்தையும் முன்னதாகவே கட்ட வைத்தது ஒரு தொலைபேசி உரையாடல். "சார், 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப நான் பாண்டிச்சேரியில சைட்டுலதான் இருந்தேன். உங்க ஊர் காத்து எப்படின்னு எனக்குச் சொல்லணுமா?" என்று அவர் கேட்டார். அந்தப் புயல் டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எங்கள் தெருவில் நின்றிருந்த மரங்கள் எல்லாம் என் கண்முன்னே சாய்ந்தன. அதைத் தானும் பார்த்ததாகச் சொல்லும் ஒருவரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று நானும் நம்பிவிட்டேன். நான்கு நாட்களில் ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் வட்ட முத்திரையும் கையெழுத்தும் இட்ட 11 பக்கக் குறிப்பு வந்து சேர்ந்தது. முதல் பக்கத்திலேயே "அடிப்படைக் காற்று வேகம்: நொடிக்கு 50 மீட்டர்" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததைக் கண்டு நிம்மதியடைந்தேன், ஏனெனில் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875 பகுதி 3 நம் கடற்கரைக்குச் சொல்லும் வேகம் அதுதான். மணிக்கு 180 கிலோமீட்டர்.

குட்டு வெளிப்பட்டது பட்டறையில். வரைபடத்தைப் புரட்டிய பட்டறைக்காரர், பின்தாங்கிகளின் அடித்தகட்டுக்குக் காட்டியிருந்த போல்ட்டின் விட்டத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இது கடலூருக்குப் போட்டதா, கோயம்புத்தூருக்குப் போட்டதா?" என்றார். அவர் கேலியாகக் கேட்டதுதான் உண்மையாகிவிட்டது. அன்றிரவு கணக்குப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு 496 நியூட்டன் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதற்கான சூத்திரம் இவ்வளவுதான். Vb அடிப்படைக் காற்று வேகம், k1 அமைப்பின் ஆயுட்காலத்துக்கான காரணி, k2 நிலவகைக்கும் உயரத்துக்குமான காரணி, k3 நிலமேடுகளுக்கானது, k4 புயல் பகுதிகளில் அமைப்பின் முக்கியத்துவத்துக்கானது, Vz பலகையில் மோதும் வேகம், pz அழுத்தம்:

```
Vz = Vb × k1 × k2 × k3 × k4
pz = 0.6 × Vz²
```

496 என்பதை 0.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 28.75 வருகிறது, அதாவது மணிக்கு 103 கிலோமீட்டர்தான். முதல் பக்கம் 180 என்று சொல்ல, கணக்கு 103-ஐ வைத்து நடந்திருக்கிறது. 28.75 எப்படி வந்தது என்று தேடினால், Vb 39, k1 0.76, k2 0.97. 39 என்பது கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் உரிய வேகம். k1 ஆகிய 0.76-ம் 39-ஐச் சார்ந்த எண்தான்: ஐந்தாண்டுத் தற்காலிக அமைப்புகளுக்கான அட்டவணையில் 39-க்கு நேரே 0.76 இருக்கும், 50-க்கு நேரே 0.70 இருக்கும். ஆக, வேறு ஊருக்குப் போட்ட பழைய கணக்கின் முகப்பை மட்டும் மாற்றி, 38,000 ரூபாய்க்கு என் தலையில் கட்டியிருக்கிறார். 2015 பதிப்பில் சேர்க்கப்பட்ட k4 அந்தத் தாளில் இல்லவே இல்லை; நம் பலகைக்கு அது 1.0 என்பதால் விடை மாறாது என்றாலும், தாளின் வயதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

k2 ஆகிய 0.97, வீடுகள் நெருங்கிய ஊர்ப்பகுதிக்கான மூன்றாம் நிலவகையில் 15 மீட்டர் உயரத்துக்கு உரியது. எங்கள் மாடியில் நின்று கிழக்கே பார்த்தால் கடல்வரை காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. இரண்டாம் வகையாவது எடுத்திருக்க வேண்டும், அதற்கு 1.05.

தெரிந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நேற்று எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கணக்கைத் திரும்பப் போட்டுக் காட்டினார். Vb 50, k1 1.0, k2 1.05, மற்றவை 1.0 என்று கொண்டால் வேகம் 52.5, அழுத்தம் 1,654 நியூட்டன். பலகை பெரிதாக இருப்பதால் விதி அனுமதிக்கும் பரப்புக் குறைப்பாக 0.84-ஐயும், பலகைக்கான விசைக் குணகமாக 1.2-ஐயும் பெருக்கினால், 72 சதுர மீட்டரில் விழும் மொத்த விசை சுமார் 12 டன். நான் காசு கொடுத்து வாங்கிய தாளில் அது 4.4 டன். ஏழு சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 மீட்டர் பின்னால் ஒரு தாங்கி என்ற எங்கள் அமைப்பில், பின்பக்கத்திலிருந்து வீசும் காற்று ஒவ்வொரு பின்தாங்கியையும் சராசரியாக 2.6 டன் விசையுடன் தளத்திலிருந்து பிடுங்கப் பார்க்கும், போல்ட்டோ 0.9 டன்னுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சாய்ந்து வீசும் காற்றில் ஒரு விளிம்பில் அழுத்தம் 1.7 மடங்கு வரை ஏறும் என்று விதி சொல்கிறது. 11 பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே சாலை, காலையில் பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகும் சாலை.

அந்தத் தாளைப் போட்டுத் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்தேன். முதல் முறை, "சாஃப்ட்வேர்ல வந்தது சார், அதை நாங்க மாத்த முடியாது" என்றார். இரண்டாம் முறை, உரிமம் சில ஆண்டுகளுக்குத்தானே, அதனால் தற்காலிகம் என்றே எடுத்தேன் என்றார். அந்த ஐந்தாண்டுக் காரணி கட்டுமானக் காலச் சாரங்களுக்கும் தற்காலிகக் கொட்டகைகளுக்கும் உரியது என்றும், புதுப்பித்துப் புதுப்பித்துச் சாலைக்கு மேலே நிற்கப்போகும் பலகைக்கு அது எப்படிப் பொருந்தும் என்றும் கேட்டதற்கு, "அதை அப்ரூவல் குடுக்குறவங்க பாத்துப்பாங்க" என்று இணைப்பைத் துண்டித்தார். மூன்றாம் முறை, திருத்தித் தர மேலும் 15,000 ரூபாய் கேட்டார். இணையத்தளத்துக்கு எழுதினால், ஆவணம் ஒப்படைக்கப்பட்டு ஏழு நாட்கள் கடந்துவிட்டதால் 38,000 ரூபாயில் ஒரு பைசாவும் திரும்பாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. பணி முடிந்ததாகக் குறிக்கப்பட்டு, அவருக்கு ஐந்து நட்சத்திரமும் தரப்பட்டிருக்கிறது. அதை யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, நான் கொடுக்கவில்லை.

விரிவாகச் சொல்வதாகத் தொடங்கினேன். இப்போது இவ்வளவுதான் முடிகிறது. முதல் பக்கத்தை நம்பாதீர்கள், அழுத்தத்தை 0.6-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், திறந்த கடலோரத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு 50-க்குக் கீழே வந்தால் ஏன் என்று கேளுங்கள். k1 1.0-க்குக் குறைந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். தாங்கிகள் தூண் அல்லது உத்திரத்தின் மேல் அமர்கின்றனவா, வெறும் தளத்தின் மேல் அமர்கின்றனவா என்று வரைபடத்தில் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள்.

பட்டறையில் ஏற்கெனவே வெட்டிய இரண்டு சட்டங்களை அப்படியே நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை காலை அந்த 11 பக்கங்களையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுத வழக்கறிஞரிடம் போகிறேன்.