லேப்டாப் ஒப்பிட சாட்பாட்: ஒன்றரை வருஷம் பழகிய பிறகு

புதுவயலிலிருந்து நண்பர் நேற்றுப் போன் போட்டார். “அண்ணே, ரெண்டு லேப்டாப்புக்கும் சாட்பாட் மார்க் போட்டுக் கொடுத்திருச்சு. அப்படியே வாங்கிரலாமா?” வேண்டாம் என்றேன். ஏன் என்று போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

2025 ஜனவரியில் அக்கா மகளுக்கு லேப்டாப் பார்த்தோம். காரைக்குடியில் பி.காம். படிக்கிறாள். ஒன்று மேக்புக் ஏர் எம்2, இன்னொன்று கிட்டத்தட்ட அதே விலையில் ஒரு விண்டோஸ் லேப்டாப். சாட்பாட் அட்டவணை போட்டு, மேக்கின் ஆரம்ப மாடலில் ரேம் 8 ஜிபிதான், விண்டோஸ் வாங்குங்கள் என்று முடித்தது. செக்காலை ரோட்டுக் கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரில் 16 ஜிபி! 2022-ல் வந்தபோது 8தான். 2024 அக்டோபர் கடைசியில் ஆப்பிள் பெயரை மாற்றாமல் ரேமை மட்டும் 16 ஆக்கிவிட்டது. இரண்டு வருஷமாக எழுதிக் குவித்த விமர்சனமெல்லாம் 8 என்று சொல்லும்போது, இதுவும் 8 என்கிறது.

தப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். திருத்தியதும் உடனே மன்னிப்புக் கேட்டு, அப்படியானால் மேக்தான் சிறந்தது என்று தீர்ப்பையே திருப்பிப் போட்டதுதான் எரிச்சல். சோதிக்கலாமென்று, “ஆனால் இந்த மேக்கில் ஃபேன் சத்தம் அதிகமாச்சே” என்று வேண்டுமென்றே பொய் சொன்னேன். அதில் ஃபேனே கிடையாது. ஆமாம், அது ஒரு குறைதான் என்று ஒத்துக்கொண்டது. இன்றுவரை இந்தக் குணம் முழுசாகப் போகவில்லை.

அதிலிருந்து எனக்கொரு வழக்கம். பெட்டியில் உள்ளதைப் பார்த்து எழுதி, கம்பெனிப் பெயரை எடுத்துவிட்டு, ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் கொடுப்பேன். பிறகு புதிய உரையாடல் திறந்து, வரிசையை மாற்றி அதையே கேட்பேன். அன்றைக்கு அப்படிச் செய்தபோது இரண்டு தடவையும் முதலில் எழுதியதுதான் ஜெயித்தது. பெயரைச் சேர்த்துக் கேட்டால் எந்த வரிசையிலும் மேக். அப்போது அது லேப்டாப்பை எடை போடவில்லை, பெயரையும் வரிசையையும்தான் எடை போட்டிருக்கிறது.

கடைசியில் முடிவு செய்தது டேலி. அவள் தினமும் அதில்தான் கணக்குப் போட்டுப் பழக வேண்டும், அது மேக்கில் நேரடியாக ஓடாது. பி.காம். என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தேன், சாட்பாட் கண்டுகொள்ளவே இல்லை. விண்டோஸ்தான் வாங்கினோம்.

ஒன்றை மட்டும் மறக்க மாட்டேன். கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்று சாட்பாட்டிடம் கேட்டபோது, ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, காலி ஸ்லாட் உண்டா என்று கேட்கச் சொன்னது. கடைக்காரருக்குத் தெரியவில்லை. அடியில் இருந்த முழு மாடல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தோம், ஒரு ஸ்லாட் காலி. போன மாசம் அதில் கூடுதலாக 8 ஜிபி போட்டோம், இப்போது எக்செலும் டேலியும் சேர்ந்தே திறக்கின்றன.

தீர்ப்புக் கேட்க அது லாயக்கில்லை, அவ்வளவுதான். அடுத்த மாசம் அண்ணனுக்கு லேப்டாப் பார்க்கப் போகிறோம். கேள்விப் பட்டியலை அதனிடம்தான் வாங்கிக்கொண்டு போவேன்.