ஸ்டீயரிங் கமிட்டிக்கு ரிஸ்க் சுருக்கம்: பெருக்கல் பட்டியலா, பாதிப்பு வரிசையா?

ஒரு மருத்துவமனை பில்லிங்கைப் புது மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் கமிட்டிக்கான ஒரு பக்க ரிஸ்க் சுருக்கம் என் வேலை. முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன்: நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி, பெரிய எண் மேலே.

காப்பீட்டு நிறுவன இணைப்பு தாமதமாவது 3×4, அதாவது 12. கவுன்ட்டர் பிரின்டர் ஒத்துவராமல் போவது 4×3, அதுவும் 12. பழைய நோயாளிகளின் பாக்கிக் கணக்கு தப்பாக ஏறுவது 2×5, பத்துதான். ஊழியர் பயிற்சி முடியாமல் போவது 5×2, அதுவும் பத்து. கூட்டத்தில் பாதி நேரம் பிரின்டர் பேச்சிலேயே போனது. பாக்கிக் கணக்குக்கு வரும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

கோளாறு பெருக்கலில்தான். 4 என்பது 2-ஐப் போல இரண்டு மடங்கு மோசம் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அது வெறும் வரிசை எண். அதைப் பெருக்கினால், அடிக்கடி வரும் சின்னத் தொல்லையும் எப்போதாவது வரும் பேரிடியும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்.

அடுத்த மாதம் பெருக்கலை விட்டேன். முதலில் பாதிப்பு, அது சமமானால் மட்டும் வாய்ப்பு. எண்ணுக்குப் பதில் வாக்கியம்: “பாக்கிக் கணக்கு தப்பாக ஏறினால் தொடக்க நாள் 3 வாரம் தள்ளும், பத்தில் இரண்டு வாய்ப்பு.” பாக்கி மேலே வந்தது, பிரின்டர் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. இதிலும் ஒரு வம்பு உண்டு. சர்வர் அறையில் தீ என்பது மாதிரி அபூர்வமானவை மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புள்ளவற்றைக் கீழே தனியாக வைத்தேன்.

பொறுப்பாளர் பத்தியில் முன்பு “ஐ.டி. பிரிவு” என்று இருந்தது. பிரிவிடம் யார் போய்க் கேட்பது? ஒரே ஒரு ஆள், அதுவும் பணமோ ஆளோ ஒதுக்க அதிகாரம் உள்ளவர் வேண்டும். பாக்கிக்குக் கணக்குப் பிரிவுத் தலைவரைப் போட்டு, பக்கத்திலேயே கமிட்டியிடம் கேட்பதையும் எழுதினேன்: “பழையதும் புதியதும் ஒரு வாரம் சேர்ந்து ஓட அனுமதி.” பத்து நிமிடத்தில் கிடைத்தது.

பொறுப்பாளர்வாரியாகவே பட்டியல் போடலாமே என்றார் ஒருவர். போட்டும் பார்த்தேன். கமிட்டிக்கு அது ஒத்துவராது. அவரவர் தன் பெயரை மட்டும் தேடிப் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் என் வாராந்திரத் துரத்தலுக்கு அதுதான் கை கொடுத்தது. அதைப் போட்ட பிறகுதான், ஒன்பது ரிஸ்க்கில் ஐந்து அதே கணக்குப் பிரிவுத் தலைவர் தலையில் இருப்பது கண்ணில் பட்டது. அடுத்த சுருக்கத்தில் அதையே பத்தாவது ரிஸ்க்காகச் சேர்த்தேன். பொறுப்பாளர் அவருடைய மேலதிகாரி.